அசல் வந்த பிறகும் வட்டி கேட்டேன்

கோவையில் வால்வுக்கான பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. புனேயில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிய ₹8 லட்சம் சரக்கு 2023 ஜூன் 10 அன்று அங்கே போய் இறங்கியது. பணம் முழுதாகக் கைக்கு வந்தது 2024 ஜூலை 25 அன்று. அதுவும் நான் மனு போட்ட பிறகுதான். பணத்தை அனுப்பிய கையோடு, “கணக்கு முடிந்துவிட்டது, மனுவைத் திரும்பப் பெறுங்கள்” என்று அவர்களின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை, மனுவில் அசலோடு வட்டியும் கேட்டிருந்தேன்.

அவர்களின் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் தவணை என்று அச்சிட்டிருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அந்த வரி செல்லாது. இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தவணை எதுவும் எழுதப்படவில்லை என்றால் 15 நாள்தான். எங்கள் கணக்கில் 45-ஆவது நாள் ஜூலை 25. வட்டி 26-ஆம் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் ‘ஏற்றுக்கொண்ட நாள்’ எது என்பதில்தான் வழக்கே நிற்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்திறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அக்டோபரில் அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள்: சில பாகங்களில் அளவு சரியில்லையாம். பணம் கேட்டு நாங்கள் நெருக்கிய பிறகு முளைத்த குறை அது. எங்களைக் காப்பாற்றியது டெலிவரி சலானின் மூலையில் இருந்த, பாதி மை அழிந்த நீல நிற கேட் முத்திரை. 10.06.2023 என்ற தேதியும், காவலாளியின் கையெழுத்தும், அவர்களின் கேட் பதிவு எண்ணும் அதில் தெரிந்தன. இன்வாய்ஸ் தேதியை மட்டும் நம்பிப் போயிருந்தால் வாதம் இழுத்துக்கொண்டே போயிருக்கும்.

வட்டி விகிதம் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு. அந்தக் காலம் முழுவதும் வங்கி விகிதம் 6.75 சதவீதம், ஆக ஆண்டுக்கு 20.25, மாதத்துக்கு 1.6875. மாதாமாதம் அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி ஏறும். முதல் மாதம் ₹13,500. இரண்டாம் மாதம் ₹8,13,500-க்குக் கணக்கிட்டால் ₹13,728. இப்படியே 12 மாதம் போனால் சுமார் ₹1,77,900. தனிவட்டி என்றால் ₹1,62,000-தான் வந்திருக்கும். ரெப்போ விகிதத்தைப் போட்டுக் கணக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. அந்தத் தாளை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்.

மனுவை, சிறு நிறுவனங்களின் தாமதப் பாக்கிக்கான மத்திய அரசின் ‘சமாதான்’ இணையதளத்தில் போட்டேன்: உத்யம் பதிவு எண், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், சலான், வட்டிக் கணக்குத் தாள். எங்கள் உத்யம் பதிவு சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருந்தது. சரக்கு போன பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பில்லுக்கும் வட்டி கேட்கலாம் என்று நினைப்பவர்கள், உச்ச நீதிமன்றத்தின் 2021, 2022 தீர்ப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் எண் கிடைத்தாலும் இந்த வட்டி கிடைக்காது.

வாங்கியவர் புனேயில் இருந்தாலும் விசாரணை எங்கள் பக்கத்து வசதியாக்க மன்றத்தில்தான்; இத்தகைய பாக்கி மனுக்களை விசாரிக்க மாநில அரசு அமைத்த மன்றம் அது. சட்டம் விற்றவரின் ஊரைத்தான் பார்க்கிறது. முதலில் சமரசப் பேச்சு. அவர்கள் ‘நீண்ட கால உறவு’ பற்றிப் பேசினார்கள். அந்த உறவு எங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டியைக் கட்டவில்லை என்பதை மட்டும் சொன்னேன். சமரசம் முறிந்தால் நடுவர் விசாரணை. அதில் வரும் தீர்ப்பை வாங்கியவர் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இது அவர்களின் வக்கீலுக்குத் தெரியும். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, அசல் வந்த நாள் வரையிலான வட்டியைத் தர ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிந்தைய நாள்களுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஓராண்டு அலைவதைவிட அது மேல் என்று தோன்றியது.

வந்த தொகை முழுதும் நமக்கென்று நினைத்துவிட வேண்டாம். வட்டியில் டிடிஎஸ் பிடித்துத்தான் அனுப்பினார்கள். தாமத வட்டி சரக்கின் மதிப்போடு சேர்வதால், பணம் வந்த மாதக் கணக்கில் அதற்கு ஜிஎஸ்டியும் கட்ட வேண்டியிருந்தது. சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே ‘ஜிஎஸ்டி தனி’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் எங்கள் ஆடிட்டர். முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தார்கள்.