மழையை எழுதாத மன்னிப்புக் கடிதம்

படுவான்கரைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் கணக்கும் கடிதமும் பார்த்த காலம். ஒரு டிசம்பரில், கொழும்பு மொத்த வியாபாரி ஒருவருக்கு வியாழக்கிழமை போய்ச்சேர வேண்டிய புழுங்கல் சிவப்பரிசி 400 மூடையில் பாதிதான் தயார். மூடை 25 கிலோ, மொத்தம் 10 தொன். எங்கள் விற்பனையில் பெரும்பங்கு அவருடையது.

முதலாளி செவ்வாய் இரவே அவருக்குக் கோல் எடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று. கெட்ட செய்தியைக் கடிதத்தில் முதன்முதலாகப் படிப்பவர் அதற்குப் பிறகு உள்ள எதையும் ஒழுங்காகப் படிக்கமாட்டார். கோலில் அவர், "எழுத்தில் தாருங்கள், என்ர கடைக்காரருக்கு நான் பதில் சொல்ல வேணும்" என்றாராம். புதன் காலை அந்த வேலை என் மேசைக்கு வந்தது.

"தம்பி, மழை என்று எழுது. அவருக்கும் தெரியும்தானே" என்றார் முதலாளி. அவருக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். மட்டக்களப்பில் மார்கழியில் மழை பெய்வது யாருக்கும் புதினமில்லை. அவித்த நெல்லில் ஈரம் முப்பது வீதத்துக்கு மேல் நிற்கும். அதை 14 வீதத்துக்குக் கீழே இறக்காமல் குத்தினால் அரிசி மூடையிலேயே மணக்கத் தொடங்கும். சீமெந்துக் களம் நனைந்து கிடந்தால் ட்ரையர் ஒன்றுதான் கதி. ஓடரை ஏற்ற அன்று களத்தையும் நம்பிக் கணக்குப் போட்டிருந்தார்கள். வானத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். முதலாளி முகத்தைச் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

அடுத்தது திகதி. "வெள்ளிக்குள் முழுக்க அனுப்புகிறோம்" என்று போடச் சொன்னார். அதை எழுதுவதற்கு முன் அவியல் பார்க்கும் அண்ணனிடம் போனேன். மீதி 5 தொன் அரிசிக்கு ஏறக்குறைய 8 தொன் நெல் வேண்டும். ட்ரையர் ஒரு நாளைக்கு 2 தொன் இழுக்கும். புதன் இரவு ஊறவைத்து வியாழன் அவித்தால் ஞாயிறுவரை காயும். திங்கள் ஆறவிட்டு, செவ்வாய் குத்தி மூடை கட்டி இரவே லொறி ஏற்றினால் புதன் காலை கொழும்பு. கரண்ட் போனால் ஒரு நாள் இழுபடும். அதனால் வியாழன் என்று முடிவு செய்தோம். அவரிடம் புதனைச் சொல்லி ஆசைகாட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை.

விலையில் ஐந்து வீதம் கழிப்போம் என்றும் முதலாளி நினைத்தார். அவருக்கு என்ன நட்டம் என்றே கேட்காமல் கழிவை நீட்டினால் வாயை அடைப்பதுபோல இருக்கும். அதை விட்டோம். கடைசியில் போனது இது:

"ஐயா, நாளை தருவதாக ஏற்ற 400 மூடையில் 200 மூடை மட்டுமே நாளை காலை உங்கள் களஞ்சியத்துக்கு வரும். மீதி 200 தாமதமாகிறது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். மழைக்காலத்தில் எங்கள் ட்ரையரால் முடிந்த அளவைவிடக் கூடிய ஓடரை ஏற்றது எங்கள் பிழை. திங்கட்கிழமையே தெரிந்தும் செவ்வாய் இரவுதான் உங்களுக்குச் சொன்னதும் எங்கள் பிழை.

மீதி அடுத்த வியாழன் காலை வரும். இரண்டாவது லொறிக் கூலி எங்களுடையது. அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால் மீதியில் எவ்வளவையும் நீங்கள் நிறுத்தலாம். நாளை பகல் 12 மணிக்குள் சொன்னால் போதும், கட்டணம் எதுவும் இல்லை. இந்தத் தாமதத்தால் உங்களுக்கு ஏற்படும் செலவைத் தெரிவித்தால் அதுபற்றிப் பேசத் தயாராக இருக்கிறோம். சனியும் திங்களும் மாலையில் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கோல் எடுத்துச் சொல்வோம். தை முடியும்வரை ட்ரையர் கணக்குக்கு மேல் ஓடர் ஏற்கமாட்டோம்."

"இனி ஒருபோதும் இப்படி நடக்காது" என்ற வரியை முதலாளி கையால் எழுதிச் சேர்த்திருந்தார். அதை எடுக்கச் சொல்லி நின்றேன். ட்ரையர் வரியை வியாபாரி தன் கண்ணாலேயே சரிபார்க்கலாம். இந்த வரியை யாரால் சரிபார்க்க முடியும்?

வியாழன் காலை பதில் வந்தது. 80 மூடையை நிறுத்தினார், பொலன்னறுவையில் வாங்கிக்கொள்வதாக. மீதி 120 போதும் என்றார். நெல் குறைந்ததால் ட்ரையர் வேலை சனியுடன் முடிந்தது. ஆனாலும் திகதியை முன்னுக்குக் கொண்டுவரவில்லை. செவ்வாய்க்கிழமை லொறி புறப்பட்ட பிறகுதான் "புதன் காலை வரும்" என்று சொன்னோம். தை மாத ஓடரை அவர் பாதியாகக் குறைத்தார். முதலாளிக்கு அது கவலை. ஆனால் அந்தப் பாதி ட்ரையரின் கணக்குக்குள் அடங்கியது.