மழை டெங்குவைக் கூட்டுமா, குறைக்குமா: என் இலக்கிய மீளாய்வு வாதமான விதம்

கொழும்பில் முதுமாணி ஆய்வுக்கு நான் எடுத்தது மழைவீழ்ச்சிக்கும் டெங்குவுக்கும் உள்ள தொடர்பு. மழை பெய்தால் நுளம்பு பெருகும், அதற்குப் பிறகு டெங்கு கூடும், இதில் மீளாய்வு செய்ய என்ன இருக்கிறது என்று வெள்ளவத்தை போர்டிங்கில் கூட இருந்தவள் கேட்டாள். படிக்கப் படிக்கத்தான் கட்டுரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்தது.

இலக்கிய மீளாய்வு என்பது முன்பு வந்த ஆய்வுகளை அலசும் அத்தியாயம். அதன் முதல் வரைவில் ஒவ்வொரு பந்தியும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கியது. இன்னார் இந்த ஊரில் இதைக் கண்டார், அடுத்தவர் வேறோர் ஊரில் அதைக் கண்டார். மேற்பார்வையாளர் மிஸ் அதைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “சிங்கப்பூர்ப் பந்தியையும் பார்படோஸ் பந்தியையும் இடம் மாத்திப் போட்டா ஏதாவது குழம்புமா?” ஒன்றும் குழம்பாது. “அப்ப ரெண்டுக்கும் நடுவில நீங்க எதையும் சொல்லேல்ல.”

அந்த இரண்டும் 2018இல் வந்த கட்டுரைகள். சிங்கப்பூர் ஆய்வு, கனமழை நுளம்புக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடுவதால் அடுத்த ஆறு வாரம் வரை டெங்கு பரவும் வாய்ப்புக் குறைகிறது என்றது. பார்படோஸ் ஆய்வு, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு முன் மழை மிகுந்திருந்தால் ஆபத்துக் கூடும், ஐந்து மாதம் வரை முன்னால் வறட்சி இருந்தாலும் கூடும் என்றது. மழை குறைக்கிறது, மழை கூட்டுகிறது, மழையில்லாமையும் கூட்டுகிறது. இதைக் “கருத்து வேறுபாடு உள்ளது” என்று எழுதிவிட்டு நகரலாம். நிறையப் பேர் அப்படித்தான் நகர்கிறார்கள்.

நான் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். கட்டுரைக்கு ஒரு வரிசை. முடிவை எழுதும் நிரலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முன்னால் மழையை எப்படி அளந்தார்கள், வாரக் கணக்கா மாதக் கணக்கா, மழைக்கு எத்தனை வாரம் பின்தள்ளி நோயாளர் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், நுளம்பு எங்கே பெருகுவதாகச் சொன்னார்கள் என்ற நிரல்களை வைத்தேன். ஆண்டுப்படி அடுக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. மழையை அளந்த விதத்தின்படி அடுக்கியதும் முரண்பாட்டில் பாதி கரைந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் பார்த்தது சில நாளில் அடித்துக் கொட்டும் மழையை. பார்படோஸில் பார்த்தது பல மாதங்களின் ஈரத்தையும் வறட்சியையும் சேர்த்துச் சொல்லும் குறியீட்டை. இருவரும் “மழை” என்று எழுதினாலும் அளந்த பொருள் ஒன்றல்ல. வறட்சியில் சனங்கள் வாளியிலும் பீப்பாயிலும் தண்ணீர் சேமிப்பதை நினைத்தால் ஐந்து மாதக் கதையும் விளங்குகிறது.

பின்தள்ளும் காலத்தை எடைபோட உயிரியல் கணக்கு உதவியது. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் வேண்டும். வைரஸ் நுளம்புக்குள் முதிர எட்டு முதல் பன்னிரண்டு நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நான்கு முதல் பத்து நாள். சுருக்கமாகக் கூட்டினாலும் கிட்டத்தட்ட மூன்று வாரம். ஆகவே பெய்த வாரத்திலேயே நோயாளர் கூடியதாக ஒரு கட்டுரை சொன்னால், அந்த மழையில் பிறந்த நுளம்பு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அப்படியான கட்டுரைகளை நான் விலக்கவில்லை, ஆனால் அவற்றின் முடிவுக்குக் குறைந்த எடை கொடுத்து, ஏன் என்றும் எழுதினேன்.

அதன் பிறகு பந்திகளின் முதல் வாக்கியங்கள் மாறின. முன்பு, “சிங்கப்பூரில் நடந்த ஆய்வு மழையின் தாக்கத்தை ஆராய்ந்தது.” பின்பு, “மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் வேகமும் அதற்கு முந்தைய வறட்சியும் டெங்குவை நன்றாக விளக்குகின்றன.” இப்போது சிங்கப்பூர் இந்த வாக்கியத்துக்குச் சாட்சியாக வருகிறது, பார்படோஸ் அதன் இரண்டாம் பாதிக்கு. இடம் மாற்றினால் குழம்பும். முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் ஒட்டி வாசித்துப் பார்ப்பேன். வாதம் எங்கே அறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மீளாய்வில் கொழும்பு பற்றிய பகுதிக்கு வந்தபோது இந்த வாதத்தின் எல்லையும் தெரிந்தது. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். மே இறுதியில் வெள்ளம், ஜூலையில் உச்சம். மழைக்கதைக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த ஆண்டு டெங்கு வைரஸின் இரண்டாம் வகை மீண்டும் தலைதூக்கியிருந்தது, அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஏராளம். மழை மட்டும் காரணம் என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அதனால் வைரஸ் வகைக்குத் தனிப் பந்தி கொடுத்து, என் ஆய்வுக் கேள்வியைச் சுருக்கினேன்: கொழும்பு மாவட்டத்தில் கனமழை வாரங்களுக்குப் பின் வரும் மாற்றம், முன்னர் வறட்சி இருந்த ஆண்டுகளிலும் இல்லாத ஆண்டுகளிலும் ஒரே மாதிரியா? மிஸ் அதன் பக்கத்தில் “வாரத் தரவு எங்கே எடுப்பீர்கள்?” என்று எழுதி அனுப்பினார். அது முறையியல் அத்தியாயத்தின் தலைவலி.