வெறுங்கைப் பெட்டி

எங்கள் மாமி ஆரையம்பதியில் வீட்டில் வைத்துத்தான் பலகாரம் செய்கிறா. முறுக்கு, அரியதரம், பயற்றம் பணியாரம், தொதல். கடை என்று பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு தராசு, பக்கத்தில் போன். கொஞ்சம் படம் கீறத் தெரியும் என்பதால் பெட்டி, ஸ்டிக்கர் வேலையெல்லாம் என் தலையில் விழும்.

2023 சித்திரைக்கு நான்தான் பெட்டி அடித்துக் கொடுத்தேன். மூடியில் பெரிய எழுத்தில் ‘சித்திரைப் புத்தாண்டுப் பெட்டி’, பக்கத்தில் கும்பம், மாவிலை. நானூறு அடித்தால் ஒரு பெட்டியின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அடித்தோம். வருசத்துக்கு முதல் நாள் மட்டும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த நாளோடு எல்லாம் நின்றது. நூற்று நாற்பது பெட்டி மிச்சம்.

பெட்டி மிச்சம் என்றால் என்ன, அதற்குள் புதுப் பலகாரம் வைத்து விற்கலாமே என்றுதான் நினைத்தோம். ஒரு கிழமை கழித்து வந்த ஒரு அம்மா பெட்டியை விரலால் தட்டிப் பார்த்துக் கேட்டா: “இது வருசத்துக்குச் செஞ்சதா, மனே?” அது முந்தின நாள் இரவு பொரித்த முறுக்கு. அடியில் திகதி ஒட்டியிருந்தது. எடுத்துக் காட்டினேன். அவ திகதியைப் பார்க்கவில்லை, மாவிலையைத்தான் பார்த்தா. பிறகு அதே சட்டியில் பொரித்த அதே முறுக்கை, மேசையில் கிடந்த பொலித்தீன் பையில் இருந்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனா.

எனக்கு விளங்கியது அப்போதுதான். பொலித்தீன் பை விற்கிறது, பெட்டி விற்கவில்லை என்றால் கோளாறு முறுக்கில் இல்லை. பெட்டியின் மேலிருக்கும் பெயரே ஒரு திகதி. அந்தத் திகதி போனதும் உள்ளே இருப்பதும் காறல் அடித்திருக்கும் என்று ஆட்களே முடிவெடுத்துவிடுகிறார்கள். மேலே வெள்ளைத் தாள் ஒட்டிப் பார்த்தோம். தாளுக்குக் கீழே ‘புத்தா’ மட்டும் எட்டிப் பார்த்தது. இன்னும் மோசம்.

2024 மாசியில் புதுப் பெட்டிக்குப் பெயர் வைக்க மாமி கூட்டம் போட்டா. இந்த முறை சிக்கல் இரட்டிப்பு. நோன்புப் பெருநாளும் சித்திரை வருசமும் ஒரே கிழமைக்குள் வருகின்றன. எங்களுக்குக் காத்தான்குடி கூப்பிடு தூரம். அங்கிருந்து வழமையாக வாங்கும் ஒருவர் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டார்: “அக்கா, பெருநாளைக்கு முப்பது பெட்டி வேணும். ஆனா சித்திரை எண்டு போட்டிருந்தா நான் எப்பிடிக் குடுக்கிற?” நியாயமான கேள்வி. அதாவது ஒரே பெட்டி வருசத்துக்கும் பொருந்த வேண்டும், பெருநாளுக்கும் பொருந்த வேண்டும், இரண்டும் போன பிறகு வைகாசியில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பொருந்த வேண்டும்.

மாமா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். பிறக்கப்போகிற வருசத்தின் பெயரையே வைத்தால் மங்களமாக இருக்கும் என்றார். பக்கத்தைப் புரட்டினார். குரோதி.

“குரோதிப் பெட்டி,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கோபக்காரப் பெட்டி. மாமி அவரைப் பார்த்த பார்வைக்கும் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. மிச்சமாகும் பெட்டிகளை அடுத்த குரோதிக்கு வைத்திருக்கலாமா என்று நான் கேட்டேன். அறுபது வருசம், 2084. மாமா பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

‘கைவிசேடம்’ நல்ல பெயர்தான். ஆனால் அது வருசத்துக்கு மட்டும் உரியது, அதிலும் காசு கொடுக்கும் சடங்கு. பெட்டியைத் திறந்து காசைத் தேடுவார்கள். ‘கொண்டாட்டம்’ என்று மச்சாள் சொன்னா. அது பட்டாசுக்கும் பொருந்தும், பிளாஸ்டிக் கதிரைக்கும் பொருந்தும். சித்திரையை நினைக்க வைக்க அதில் ஒன்றுமே இல்லை. நாள் எது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த நாட்களில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. என்ன செய்கிறார்கள்? வீடு வீடாகப் போகிறார்கள். வருசத்திலும் அதுதான், பெருநாளிலும் அதுதான்.

அந்த நேரம் பார்த்து மச்சாளின் மகன் சைக்கிளை எடுத்தான், பெரியம்மா வீட்டுக்குப் போக. அடுப்படியில் இருந்து அம்மம்மா குரல் கொடுத்தா: “வெறுங்கையோட போகாத, மனே!”

எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். பெயர் கிடைத்துவிட்டது. ‘வெறுங்கையோட போகாத.’ கேட்டதும் வருசத்துப் போக்குவரத்து கண்ணுக்குள் வருகிறது. திகதி மட்டும் இல்லை. மாமிக்கு மட்டும் ‘வெறும்’ என்ற சொல் பிடிக்கவில்லை. நல்ல நாளில் அப்படி ஒரு சொல்லா என்றா. அம்மம்மா ஐம்பது வருசமாக நல்ல நாளில்தானே சொல்கிறா என்று சமாளித்தேன்.

பண்டிகையைப் பெட்டியில் அச்சடிப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்கு மூன்று அங்குல அகலத்தில் தனியாக ஒரு தாள்பட்டி. நூற்றைம்பதில் ‘சித்திரை 2024’, நூறில் ‘பெருநாள்’. போட்டோகொப்பிக் கடையில் கலர்த் தாளில் எடுத்து வெட்டினால் எத்தனை வேண்டுமோ அத்தனைதான், நானூறு என்ற கட்டாயம் இல்லை. பட்டி கட்டிய பெட்டிக்குள் மட்டும் மேல்தட்டில் கொக்கிஸ். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும், கொஞ்சம் அழுத்தினாலும் உடையும் என்பதால் மாமி அதை வருசம் முழுக்கச் செய்ய மாட்டா. ஆகவே ‘குறைந்த அளவே உண்டு’ என்று பட்டியில் போட்டது பொய் இல்லை. பட்டி கழன்ற பிறகு அந்த இடத்துக்கு எள்ளுருண்டை.

எல்லாம் சரி. பெட்டி வந்தது. மூடியில் பெயர் ஒரே வரியாக, இடமிருந்து வலம். முதல் பெட்டிக்கு மாமி தானே பட்டி கட்டி, படம் எடுத்து, வட்சப் ஸ்டேட்டஸில் போட்டா. நான் மட்டக்களப்பு டவுனில் இருந்து திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தருகே போனைத் திறந்தேன்.

பட்டி வலது பக்கமாகப் போயிருந்தது. அது ‘போகாத’ என்ற சொல்லை அப்படியே மூடியிருந்தது. பரிசுப் பெட்டியின் மேலே தங்க நிறத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: ‘வெறுங்கையோட’.

அதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். மாமியின் சம்பந்தி வீட்டில் இருந்து, “யாரைச் சொல்றீங்க?” என்று ஒரு கேள்வியும் வந்திருந்தது. அவர்கள் போன கிழமை உண்மையாகவே ஒன்றும் கொண்டுவராமல் வந்து போயிருந்தார்கள்.

தவறு என்னுடையதுதான். பெயரை முழுசாகத்தான் வாசித்துப் பார்த்தேன், பாதி மறைந்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்கவில்லை. மடிப்பு, பட்டி, விலை ஸ்டிக்கர் என்று பெயரின் மேல் விழக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. பட்டியை நீளவாக்கில், மூடியின் கீழ் ஓரத்தோடு போகிற மாதிரி மாற்றிக் கட்டினோம். சம்பந்தி வீட்டுக்கு மாமா இரண்டு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெறுங்கையோடு போகவில்லை.

பெருநாள் பட்டி நூறும் முடிந்தது, சித்திரை பட்டியில் பதினொன்று மிச்சம். அது வெறும் தாள், அடுப்புக்குப் போனது. பெட்டிகள் வைகாசியிலும் போயின. அம்மன் சடங்குக்கு ஊருக்கு வந்தவர்கள் வாங்கினார்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனவர்கள் வாங்கினார்கள். வருசத்துக்குச் செய்ததா என்று ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அவ்வளவு நீளப் பெயரை யார் முழுசாகச் சொல்வார்கள்? முதலில் ஒரு தம்பி வந்து, “வெறுங்கைப் பெட்டி ஒண்டு தாங்க,” என்றான். மாமி அடுப்படியில் இருந்து எழுந்து வந்து, அப்படிச் சொல்லக்கூடாது என்று அவனுக்கு ஐந்து நிமிடம் வகுப்பெடுத்தா. அடுத்த நாள் இன்னொருவர் அதையே சொன்னார். பிறகு எல்லாரும்.

போன கிழமை நான் போனபோது மாமி போனில் ஓடர் எடுத்துக்கொண்டிருந்தா. “வெறுங்கை ரெண்டு இருக்கு, மகள்,” என்றா. “மூணாவது வெறுங்கை நாளைக்குத்தான்.”