டிரேடிங் ஜர்னல் ஷீட்: கட்டணத்துக்குத் தனி நெடுவரிசை
500 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கி அன்றே 504-க்கு விற்றால் லாபம் 400 இல்லை. ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் எஸ்டிடி, ஜிஎஸ்டி, முத்திரை வரியெல்லாம் சேர்ந்து சுமார் 65 போய்விடும். அந்தத் தொகையைக் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்தே F-இல் போடுங்கள்.

B-இல் வாங்கித் தொடங்கினால் 1, ஷார்ட் என்றால் -1. இதை விட்டால் ஷார்ட் லாபம் நஷ்டமாகக் காட்டும். C எண்ணிக்கை, D நுழைவு விலை, E வெளியேறிய விலை.

```
=B2*(E2-D2)*C2-F2
```

காரணத்தையும் ஸ்டாப்லாஸையும் ஆர்டர் போட்டவுடனே எழுதிவிடுங்கள். விற்றபின் எழுதினால் முடிவுக்கு ஏற்ற காரணம்தான் வரும். சார்ட் ஸ்கிரீன்ஷாட்டும் அப்போதே. அடுத்த கேண்டில்கள் வந்துவிட்டால் நீங்கள் பார்த்த சார்ட் அது இல்லை. படத்தை டிரைவில் வைத்து, ஷீட்டில் லிங்க் மட்டும் போதும். செல்லுக்குள் படங்களை நிரப்பினால் ஷீட் திணறும்.