‘ரெத்னு’ என்றால் தேர்வாகிவிட்டது என்று நினைத்தேன்

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தது. பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டு நாள் கருத்தரங்குக்கு, உரைச் சுருக்கமும் என்னைப் பற்றிய குறிப்பும் ஜனவரியில் அனுப்பியிருந்தேன். பதிலின் முதல் வரியிலேயே ‘ரெத்னு’ என்ற சொல் இருந்தது. ஒரு உரையைத் தேர்வு செய்துவிட்டோம் என்று சொல்லப் பிரெஞ்சில் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். கீழே ‘மெர்சி’ என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. நன்றி சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே துறைத்தலைவரிடம் சொன்னேன். அம்மா பாயசம் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, எங்கள் தெருவில் இருக்கும் சொல்தா தாத்தாவிடம் அதைக் காட்டினேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“பாப்பா, இதுல எடுத்துக்கிட்டோம்னு எங்க இருக்கு? உன் விஷயம் எங்க கவனத்தை இழுத்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு அடுத்த வார்த்தை ‘ஆனாலும்’. திருத்தி அனுப்பச் சொல்றாங்க. இன்னும் மூணு நாள்தான் இருக்கு.”

கால் தளர்ந்துவிட்டது. நான் பிரெஞ்சு தெரியாதவள் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது 19ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டுப் பிரெஞ்சு. அலுவலகக் கடிதப் பிரெஞ்சு வேறு. ‘கவனத்தை ரெத்னு செய்தது’ என்பது மரியாதையான தொடக்கம் மட்டுமே. பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு ‘ஆனாலும்’ காத்திருக்கும். முன்மொழிவே ‘ரெத்னு செய்யப்பட்டது’ என்று இருந்தால்தான் தேர்வு. அதேபோல ‘மெர்சி த’ என்று தொடங்கி ஒரு வினைச்சொல் வந்தால், பெரும்பாலும் நன்றி இல்லை, வேண்டுகோள். “தயவுசெய்து இதைச் செய்யுங்கள்” என்று பொருள். என் கடிதத்தில் கெடு தேதி அந்த வாக்கியத்துக்குள்தான் இருந்தது.

கடிதத்தின் தலைப்பில் இன்னொன்றும் இருந்தது. என்னை ‘முசியே’ என்று விளித்திருந்தார்கள். என் இனிஷியல் மு. என்பதால் கோப்பில் M. என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தேன். பிரெஞ்சில் M. என்றால் முசியேவின் சுருக்கம். பெண்ணாகிய நான் அங்கே ஆணாகப் பதிவாகிவிட்டேன். அப்போது அது சின்ன விஷயமாகத் தோன்றியது.

அவர்கள் கேட்ட திருத்தங்கள் மூன்று. முதலாவது நீளம். சுருக்கம் 2,500 ‘சீஞ்’, இடைவெளிகள் உட்பட என்று அழைப்பில் இருந்தது. அங்கே பெரும்பாலும் சொற்களை எண்ணுவதில்லை. எழுத்து, குறி, இடைவெளி எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். நான் வேர்டில் எண்ணிக்கைப் பெட்டியைத் திறந்து, இடைவெளி இல்லாத எண்ணைப் பார்த்து 2,490 என்று திருப்திப்பட்டிருந்தேன். இடைவெளியோடு அது 2,900ஐத் தாண்டியது. பிரெஞ்சில் கேள்விக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னாலும் ஓர் இடைவெளி விடவேண்டும், அதுவும் கணக்கில் சேரும். 2,500 என்றால் ஏறக்குறைய 400 சொற்கள்தான்.

இரண்டாவது உள்ளடக்கம். இதில்தான் மூன்று நாளில் இரண்டு நாள் போனது. என் உரை ரெனோன்சான்கள், அதாவது ‘துறந்தவர்கள்’ பற்றியது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். துறந்தால் திரும்ப முடியாது. குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயரும் தேர்ந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். மற்றவர்கள் எந்தப் பெயரை, ஏன் தேர்ந்தார்கள் என்பதே என் ஆய்வு.

ஆனால் முதல் வரைவில் நான் என்ன எழுதியிருந்தேன்? புதுச்சேரியின் வரலாறு நான்கு வாக்கியம், இந்தத் தலைப்பை யாரும் போதிய அளவு ஆராயவில்லை என்று இரண்டு வாக்கியம், கடைசியில் என் முடிவு. அவர்கள் கேட்டது இவை: உங்கள் கேள்வி என்ன, எந்த ஆவணங்கள், எத்தனை, எந்த ஆண்டுகள், அழைப்பில் உள்ள நான்கு ‘ஆக்ஸ்’களில் எதன் கீழ் வருகிறது. ஆக்ஸ் என்பது கருத்தரங்கின் உட்தலைப்பு. நான் அதைக் குறிப்பிடவே இல்லை.

சரி என்று வரலாற்றை ஒரே வாக்கியமாக்கினேன். முதல் வரியிலேயே கேள்வியை வைத்தேன்: குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஒருவர், எழுத்தர் முன்னால் நின்று ஒரு பெயரைச் சொல்லவேண்டி வந்தபோது எதை எடுத்தார்? பிரெஞ்சுச் சொல்லையா, கிறித்தவப் பெயரையா, தன் தமிழ்ப் பெயரையே கொஞ்சம் மாற்றியா? அடுத்து ஆவணம்: நான் வாசித்து முடித்த 112 துறப்புப் பதிவுகள், 1881 முதல் 1890 வரை. பிறகு அவற்றை வகைப்படுத்தும் முறை. முடிவை உறுதியாகச் சொல்லாமல் கருதுகோளாக வைத்தேன். “இரண்டாவது ஆக்ஸ்” என்று தலைப்பின் கீழேயே போட்டேன். 2,470 சீஞ்.

மூன்றாவது, என்னைப் பற்றிய குறிப்பு. கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன் என்பதை ‘கொலேஜ்’ என்று போட்டிருந்தேன். பிரான்சில் கொலேஜ் என்றால் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளி. கல்வி நிறுவனத்தைத் தெளிவுபடுத்துங்கள் என்று ஏன் கேட்டார்கள் என்பது தாத்தா சொன்ன பிறகே புரிந்தது. “பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிறுவனத்தில் இளங்கலை மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறார்” என்று விரித்து எழுதினேன். பரிசுகள், பயிலரங்குகள், கலந்துகொண்ட கூட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். பதவி, ஆய்வுக்களம், இரண்டு கட்டுரைகள் மட்டும் வைத்தேன். ஆறு வரி.

கெடு நாள் மாலை அனுப்பினேன். அங்கே பிற்பகல், நேரம் இருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இந்த முறை நேரே தாத்தா வீட்டுக்குப் போய்த் திறந்தேன். முன்மொழிவு ‘ரெத்னு செய்யப்பட்டது’. அவர் வரியை விரலால் தொட்டுக் காட்டி, “இது அது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் அந்தச் சின்ன விஷயம் பெரிதானது. விசாவுக்கான அழைப்புக் கடிதம் ‘முசியே’ என்றே வந்தது, கடவுச்சீட்டில் இருக்கும் அப்பா பெயர் அதில் இல்லை. விண்ணப்ப மையத்தில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சென்னைக்குப் போய்வந்த ஒரு நாள் வீண். கடவுச்சீட்டில் உள்ளபடி, குடும்பப் பெயர்ப் பகுதியை NOM என்ற இடத்தில் பெரிய எழுத்திலும், என் பெயரை Prénom என்ற இடத்திலும், முன்னால் பெண் என்று காட்டும் Mme என்றும் எழுதி, புதுக் கடிதம் கேட்டேன். முன்மொழிவிலேயே இப்படி எழுதியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. இனிஷியலை மட்டும் எங்கும் வைக்காதீர்கள், முதலெழுத்து M ஆக இருந்தால் கட்டாயம் வைக்காதீர்கள்.

புதுக் கடிதம் நேற்று வந்தது. NOM என்ற இடத்தில் அப்பா பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடுத்த விண்ணப்ப நாள் செவ்வாய்க்கிழமை.