மூன்று கொட்டேஷன்கள்: டர்பன் பள்ளி எழுத்தர் ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

ஜூன், ஜூலை விடுமுறையில் நான்கு வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்த செலவுக் கோப்பை இன்று சரிபார்த்தேன். விதிப்படி மூன்று கொட்டேஷன்கள் வாங்கி, மிகக் குறைந்த தொகையாகிய 84,500 ராண்டுக்கு வேலையைக் கொடுத்திருக்கிறோம். வேலை கிடைக்காத மற்ற இரண்டு நிறுவனங்களின் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, மேற்கூரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இரண்டிலும் ஒரே இரண்டு எழுத்துகள் இடம்மாறிக் கிடந்தன. வேலை எடுத்த நிறுவனத்தின் தாளிலும் அதே பிழை இருந்தது. பெயர்ப்பலகை மூன்று, கை ஒன்று என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

அதே நிறுவனம் பிப்ரவரியில் சாக்கடை பழுதுபார்த்ததற்கும், ஏப்ரலில் வேலி போட்டதற்கும், ஜூலையில் வெள்ளையடித்ததற்கும் தந்த பில்களின் எண்கள் 17, 18, 19. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் எங்கள் பள்ளியைத் தவிர அந்த நிறுவனத்திற்கு வேறு வாடிக்கையாளரே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிப் பில் புத்தகம் வைத்திருப்பவர்களும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

பில்லில் இருபது லிட்டர் வாளிகள் பதினான்கு என்று எழுதியிருக்கிறது. எங்கள் வகுப்பறை எட்டு மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்டது. கதவையும் சன்னல்களையும் கழித்தால் சுவரின் பரப்பு ஏறத்தாழ எழுபது சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு பூச்சுக்கு ஏழு எட்டு சதுர மீட்டர் வரை வரும் என்று வாளியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டு பூச்சு அடித்தாலும் அறைக்கு ஒரு வாளிதான் ஆகும். சுவர் அதிகம் உறிஞ்சியது, அடிப்பூச்சும் கொடுத்தார்கள் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ஏழுக்கு மேல் போகாது. கொட்டகைக்குப் பின்னால் தோட்டக்காரர் தண்ணீர் பிடித்து வைத்திருந்த காலி வாளிகளை எண்ணினேன், ஐந்து இருந்தன.

செலவுச் சீட்டில் சாரின் கையெழுத்து இருக்கிறது. தலைமையாசிரியரைப் பத்தொன்பது ஆண்டுகளாக நான் சார் என்றுதான் அழைக்கிறேன். என் கணவர் இறந்த மாதத்தில், இரண்டு குழந்தைகளோடு நின்ற எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அப்பா விட்டுச்சென்ற பரிமேலழகர் உரையை எடுத்துப் பார்த்தேன். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்த அதிகாரம் நடுவு நிலைமை. அந்த வரிசைக்கு உரைகாரர் சொல்லும் காரணம் என்னைத் தடுத்து நிறுத்தியது: உதவி செய்தவரிடத்தில் அந்த உதவியை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதையக்கூடும், அந்த இடத்திலும் அது சிதையலாகாது என்பதற்காகவே இதை அடுத்து வைத்தார் என்கிறார். நன்றி பொய்யென்றோ சிறிதென்றோ அவர் சொல்லவில்லை. நன்றி உண்மையாக இருக்கும் இடத்தில்தான் தராசு சாயும் என்பதை அறிந்தே எழுதியிருக்கிறார்.

எனக்குக் குழப்பம் இங்கேதான். சாருக்கு நான் பட்ட கடனை என் கைப்பொருளைக் கொண்டு தீர்க்கலாம். நோயில் கிடந்தால் போய்ப் பார்க்கலாம், அவருக்காக நாலு பேரிடம் பேசலாம். ஆனால் இந்தப் பணம் என்னுடையதல்ல. மாதந்தோறும் இருநூறு ராண்டைச் சில்லறையாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, நான் எண்ணி முடிக்கும்வரை கவுன்டரை விட்டு நகராமல் நிற்கும் ஒரு தாயின் பணமும் இதில் இருக்கிறது. அவருடைய பணத்தைக் கொண்டு என் நன்றிக் கடனைத் தீர்க்க முடியுமா?

ஆகஸ்ட் 21, புதன்

அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது பபிதா தேவ்கரனைப் பற்றி. ஹவுதெங் மாகாண சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரியாக இருந்து, டெம்பிசா மருத்துவமனைக் கொள்முதலில் ஐயத்துக்குரிய கொடுப்பனவுகளைச் சுட்டிக்காட்டிய அவரை, 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ‘அவளும் கணக்குப் பார்த்தவள்தானே, கண்ணு’ என்றார். வெள்ளையடித்த பில்லுக்கு யாரும் துப்பாக்கி எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். எங்கள் இருவருக்குமே அது முழு ஆறுதலாக இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

தொழிலாளர் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசினேன். ஆலோசனைக்காக வழக்கறிஞரிடம் சொல்வதையும் முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியர்களுக்கான 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம் காக்கிறது என்றார். அடுத்த படி முதலாளி. என்னைப் பணியில் அமர்த்தியது பள்ளி நிர்வாகக் குழு என்பதால் கடிதம் குழுத் தலைவருக்குப் போக வேண்டும். குற்றத்தை நான் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமாக ஐயப்படுவதற்குக் காரணம் இருந்தால் போதும். பொய்யென்று தெரிந்தே புகார் செய்வதுதான் குற்றம். நேராகப் பத்திரிகைக்குப் போனால் சட்டம் கேட்கும் நிபந்தனைகள் பல மடங்கு கடுமையாகும்.

சாரிடமே முதலில் கேட்டுவிடலாமா என்றேன். கோப்புகள் அவருடைய அலமாரியில்தானே இருக்கின்றன என்று திருப்பிக் கேட்டார். எனக்கு முகம் சுருங்கியது. சாரைப் பற்றி ஒரு வேற்று ஆள் அப்படிப் பேச நானே இடம் கொடுத்ததாகத் தோன்றியது.

செப்டம்பர் 1, ஞாயிறு

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் படியில் ‘மோசடி’ என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது; இறுதிப் படியில் ஓரிடத்திலும் இல்லை. எந்தத் தேதியில் எந்தத் தாளில் எதைக் கண்டேன், எத்தனை வாளிகளை எண்ணினேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். சாருடைய கையெழுத்து இருப்பதைச் சொன்னேன். அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவரை யாரேனும் ஏமாற்றியிருக்கவும் கூடும். என் நன்றிக்கு இந்தக் கடிதத்தில் இருந்த இடம் அவ்வளவுதான் என்றாலும், அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

குழுத் தலைவரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டேன். விசாரிப்பதா இல்லையா என்பதை 21 நாட்களுக்குள் முடிவுசெய்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

செய்தி கசிந்துவிட்டது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெயரை மறைத்து எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்தக் கோப்பைப் பார்ப்பவர்கள் நானும் சாரும் பொருளாளரும் மட்டுமே. மாலையில் சார் என் மேசையருகே வந்து நின்று, ‘என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அம்மா’ என்றார். கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் இன்றுவரை தோன்றுகிறது. கேட்டிருந்தால் கொட்டேஷன்கள் கோப்பில் இருந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டையும் அவரிடம் சொல்ல முடியாமல் எழுந்து நின்றேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பதினேழாம் நாளில் பதில் வந்தது. வெளித் தணிக்கையாளர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. கோயில் அன்னதானத்தில் ஆண்டுதோறும் பருப்பு வாளியைத் தூக்கிவரும் சாரை இன்று காணவில்லை. அவருடைய மனைவி எனக்கும் மற்றவர்களைப் போலவே பூசணிக்காய்க் கறி வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்.

அக்டோபர் 1, செவ்வாய்

நான்காம் பருவத்தின் முதல் நாள். ‘உங்களுக்கும் சங்கடம் வேண்டாம்’ என்று சொல்லி, இரும்புப் பெட்டியின் சாவியையும் வங்கி வேலையையும் வேறொருவரிடம் கொடுக்கும்படி குழுத் தலைவர் சொன்னார். சம்பளம் குறையாது. ஆனால் வெளிப்படுத்தியதற்காக ஒருவருடைய பணியை அவர் விருப்பத்திற்கு மாறாக மாற்றுவதும் சட்டம் தடுக்கும் பாதிப்புகளில் வரக்கூடும். விசாரணை நடக்கும்போது பணத்திலிருந்து என்னைத் தள்ளி வைப்பது நேர்மையான முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். அப்படியானால் செலவுச் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரத்தைச் சாரிடமிருந்து ஏன் எடுக்கவில்லை?

சாவியை மறுக்காமல் கொடுத்தேன். இந்த மாற்றம் என் செப்டம்பர் 2 கடிதத்தின் காரணமாகச் செய்யப்படுகிறதா என்று நான்கு வரியில் எழுதிக் கொடுத்து, அதற்கும் நகலில் கையொப்பம் வாங்கிக்கொண்டேன்.