பின்னோக்கி நகர்ந்த ஈசிஜி

அவசரப் பிரிவில் வேலை பார்க்கத் தொடங்கி இரண்டாவது வருடம். நள்ளிரவு தாண்டியிருந்தது. அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் அவருடைய மகன். "மூணு நாளா வயித்துப்போக்கு டாக்டர். இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து காலைத் தூக்க முடியலைங்கறாங்க." நெஞ்சுவலி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. கால் பலவீனம் மட்டும்தான் புகார். ரத்த அழுத்தம் 90/60.

சிஸ்டர் ஈசிஜி எடுத்துத் தாளை என்னிடம் நீட்டினார். மேலறைகள் எழுவதைக் காட்டும் பி அலைகள் எங்குமே இல்லை. கீழறைகள் எழுவதைக் காட்டும் க்யூஆர்எஸ் ஐந்தரை சிறு கட்டம் அகலம், அதாவது 220 மில்லிசெகண்ட். அதன் வால், கீழறைகள் ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலைக்குள் அப்படியே சரிந்து, அது முடிவதற்குள் அடுத்த துடிப்பு எழுந்துவிடுகிறது. நடுவில் ஒரு தட்டையான கோடுகூடக் கிடையாது. இயந்திரம் தாளின் மேல் மூலையில் துடிப்பு 176 என்று அச்சடித்திருந்தது. என்னுடன் இருந்த பயிற்சி மருத்துவர் அதைப் பார்த்ததும், "வி.டி. மாதிரி இருக்கு டாக்டர், அமியோடரோன் எடுக்கட்டுமா?" என்றார். எனக்கும் முதலில் வி.டி., அதாவது கீழறை மிகைத்துடிப்பு என்றுதான் தோன்றியது. அமியோடரோன் அதை அடக்கும் மருந்து.

நாங்கள் நின்றதற்குக் காரணம் சிஸ்டர். அவர் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபடியே, "எனக்கு 88தான் வருது டாக்டர்" என்றார். 176-இல் சரிபாதி. இயந்திரம் ஒவ்வொரு துடிப்பிலும் க்யூஆர்எஸ்ஸை ஒன்றாகவும் டி அலையை இன்னொன்றாகவும் எண்ணியிருந்தது. டி அலை அவ்வளவு பெரிதாக, க்யூஆர்எஸ் அவ்வளவு அகலமாக இருந்ததால் இயந்திரத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. கீழறை மிகைத்துடிப்பு பெரும்பாலும் 120-க்கு மேல்தான் ஓடும். க்யூஆர்எஸ் இவ்வளவு அகலமாக, ஆனால் துடிப்பு 88 மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். மகன் கொண்டுவந்த பையில் ஆறு மாதத்துக்கு முந்தைய ஈசிஜி ஒன்று இருந்தது. அதில் க்யூஆர்எஸ் இரண்டேகால் கட்டம்தான். அதே பையில் மாத்திரை அட்டைகள்: இதயச் செயலிழப்புக்காக ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில். இரண்டுமே சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைப்பவை. மூன்று நாள் வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றி, சிறுநீரகமும் முடங்கியிருக்க வேண்டும். பொட்டாசியம் போக வழியே இல்லை. ரத்தத்தில் அது மிகுந்தாலும் க்யூஆர்எஸ் இப்படி விரியும்.

ரத்த வாயுப் பரிசோதனைக்கு மாதிரியை அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் 10 சதவீத கால்சியம் குளூக்கோனேட் 10 மில்லி நரம்பு வழியாக மூன்று நிமிடத்தில் செலுத்தினோம். ஐந்து நிமிடம் கழித்து அடுத்த தாள் எடுத்தோம். க்யூஆர்எஸ் நான்கரை கட்டமாகக் குறைந்திருந்தது. இன்னொரு 10 மில்லி. நான்கு கட்டம். மூன்றாவது 10 மில்லிக்குப் பிறகு மூன்று கட்டம். க்யூஆர்எஸ்ஸுக்கு முன்னால் தாழ்ந்த, அகன்ற ஒரு மேடு தெரிந்தது. பி அலை திரும்பியிருந்தது. அதன்பின் டி அலை தனியாகப் பிரிந்து நின்றது. குறுகிய அடி, இரு பக்கமும் ஒரே சரிவு, கூர்மையான உச்சி.

பொட்டாசியம் ஏற ஏற முதலில் டி அலை கூர்மையாகும், பிறகு பி அலை தட்டையாகி மறையும், பிறகு க்யூஆர்எஸ் விரியும், கடைசியில் எல்லாம் கலந்து, ஏறி இறங்கும் ஒரே வளைவான சைன் அலையாகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அந்த அம்மாவிடம் அதே வரிசையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் பார்த்தேன்.

அப்போதுதான் முதல் மாதிரியின் முடிவு வந்தது: பொட்டாசியம் லிட்டருக்கு 8.3 மில்லிமோல். இயல்பு அளவு 3.5 முதல் 5 வரை. மூன்று ஊசிக்குப் பின் மறுபடி எடுத்த மாதிரியில் 8.2. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. ஈசிஜி அடியோடு மாறிவிட்டது, பொட்டாசியம் அசையவே இல்லை. அப்படியானால் தாளில் நான் பார்ப்பது பொட்டாசியத்தை அல்ல, பொட்டாசியம் இதயத் தசைச் செல்லின் மின்னழுத்தத்துக்குச் செய்த ஒன்றை. அது என்ன என்று அன்று இரவு எனக்குத் தெளிவாகத் தெரியாது. அடுத்த சில வாரங்கள் அதைத்தான் படித்தேன்.

உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள்ளே இருக்கிறது. உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே வெறும் 4. ஓய்வில் இருக்கும் தசைச் செல்லின் சுவர் பொட்டாசியத்துக்குத் தாராளமாக வழிவிடும். நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் உள்ளிருந்து வெளியே கசிவதால் உட்பக்கம் எதிர்மின்னாகிறது. உள்ளும் வெளியும் உள்ள அளவுகளிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் 4-ஐயும் 140-ஐயும் போட்டால் ஏறத்தாழ −94 மில்லிவோல்ட் வரும். வெளியே 8 ஆனால் −76. வெளியே கூடியது 4 மில்லிமோல்தான். உள்ளிருக்கும் 140-க்கு முன் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள விகிதம். அந்த விகிதம் பாதியாகிவிட்டது.

செல்லுக்குள் சோடியத்தை விட்டுத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சோடியம் வாயில்கள் ஒருமுறை திறந்து மூடிய பிறகு, செல் நன்றாக எதிர்மின்னுக்குத் திரும்பினால்தான் மறுபடி தயாராகும். வில்லை நினைத்துக்கொள்வேன். நாணை முழுதாக இழுத்தால்தான் அம்பு விசையோடு போகும். −94 என்பது முழுதாக இழுத்த நாண். −76 பாதி இழுத்தது. பொட்டாசியம் சற்றே உயரும்போது செல், துடிப்பு எழும் மின்னழுத்தமான தூண்டல் எல்லைக்கு அருகில் வருவதால் எளிதில் கிளர்ச்சியடையும் என்பது உண்மை. ஆனால் மேலும் உயர்ந்தால் பெரும்பகுதி வாயில்கள் தயாராகாமலே கிடக்கும். மிஞ்சியவற்றைக் கொண்டு எழும் துடிப்பு மந்தமாக எழுந்து, செல்லிலிருந்து செல்லுக்கு மெதுவாகப் பரவும். அந்த மெதுவான பரவல்தான் தாளில் க்யூஆர்எஸ்ஸின் அகலம். அந்த அம்மாவின் கால் எழும்பாததற்கும் இதே காரணம்தான். கால் தசையின் சோடியம் வாயில்களும் அதே நிலையில் இருந்தன.

மேலறைத் தசை இதற்குக் கீழறையைவிட முன்னதாகப் பணிந்துவிடும். அதனால்தான் க்யூஆர்எஸ் பெரிதாக விரியும் முன்பே பி அலை மறைகிறது. பி அலை இல்லை என்பதால் இதயத்துக்குத் தாளம் தரும் சைனஸ் கணு நின்றுவிட்டது என்று பொருளில்லை. கணு துடித்துக்கொண்டே இருக்கும், அதன் தூண்டல் மேலறைத் தசையை எழுப்பாமலே கீழறைக்குப் போய்ச் சேரவும் கூடும்.

எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்தது கூர்மையான டி அலைதான். துடிப்பு முடிந்து செல் ஓய்வுக்குத் திரும்புவது பொட்டாசியம் வெளியேறுவதால். வெளியே ஏற்கெனவே பொட்டாசியம் மிகுந்திருந்தால் வெளியேற்றம் குறைய வேண்டும், டி அலை தாழ வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. அந்த வெளியேற்றத்தை நடத்தும் வாயில்களில் முக்கியமான ஒரு வகை, வெளியே பொட்டாசியம் கூடும்போது இன்னும் தாராளமாக வழிவிடும் இயல்புடையது. அதனால் ஒவ்வொரு செல்லும் செங்குத்தாக, சீக்கிரமாக ஓய்வுக்குத் திரும்புகிறது. திரும்பும் வேகம்தான் டி அலையின் குறுகிய அடியும் கூரிய உச்சியும். மாரடைப்பின் தொடக்கத்திலும் டி அலை உயரும், ஆனால் அங்கே அடி அகன்று, பருத்து, இரு பக்கமும் சமமில்லாமல் இருக்கும். நான் முதலில் பார்ப்பது உயரத்தை அல்ல, அடியின் அகலத்தை.

இவை இரண்டையும் சேர்த்தால் சைன் அலை புரியும். துடிப்பு பரவ மிகவும் தாமதமாகிறது. முதலில் எழுந்த பகுதியோ சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்பத் தொடங்குகிறது. ஒரு மூலை இன்னும் எழவே இல்லை, மறுமூலை படுத்துவிட்டது. எழுதலும் படுத்தலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் நடுவில் தட்டையான கோட்டுக்கு இடமில்லை. ஏறி இறங்கும் ஒரே அலை. இதற்கு அடுத்த கட்டம் கீழறை நடுக்கம் அல்லது இதயம் நின்றுபோதல்.

கால்சியம் தூண்டல் எல்லையை மேலே நகர்த்தி, ஓய்வு மின்னழுத்தத்துக்கும் எல்லைக்கும் நடுவே பழைய இடைவெளியைத் திருப்பித் தருகிறது என்பதே நான் படித்த விளக்கம். பொட்டாசியத்தை அது தொடுவதே இல்லை. அமியோடரோனோ லிக்னோகைனோ கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். இரண்டும் சோடியம் வாயில்களை அடைப்பவை. தயாராக மிஞ்சியிருந்த கொஞ்ச வாயில்களையும் நாங்களே மூடியிருப்போம்.

அன்றிரவு நான் செய்த தவறு அதற்குப் பிறகு நடந்தது. ஈசிஜி சீரானதும் மனம் தளர்ந்துவிட்டது. இன்சுலின் 10 அலகும் குளுக்கோஸ் 25 கிராமும் எழுதிக் கொடுத்துவிட்டு, டயாலிசிஸ் பிரிவோடு பேசப் போய்விட்டேன். வேறொரு நோயாளியால் அந்த ஊசி இருபது நிமிடம் தாமதமானது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் சிஸ்டர் கூப்பிட்டார். திரையில் க்யூஆர்எஸ் மறுபடி விரிந்துகொண்டிருந்தது. கால்சியத்தின் பலன் 30 முதல் 60 நிமிடம்தான். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளத் தொடங்கப் பத்து இருபது நிமிடமாகும், முழு வீச்சுக்கு அரை மணிக்கு மேல். ஒன்றின் பலன் தீரும் முன் மற்றது வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் நான் விட்ட இடைவெளியில்தான் அந்த அம்மா மறுபடி சரிந்தார். நான்காவது கால்சியமும், நெபுலைசரில் சால்பியூட்டமால் 10 மில்லிகிராமும் கொடுத்தோம். விடியும் முன் டயாலிசிஸ் தொடங்கியது. நடுவே ரத்தச் சர்க்கரை 58-க்கு இறங்கி, மேலும் குளுக்கோஸ் தேவைப்பட்டது. இன்சுலினின் வேலை நான்கைந்து மணி நேரம் நீடிக்கும், ஒருமுறை தந்த குளுக்கோஸ் அதுவரை தாங்காது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் இன்சுலின் இன்னும் நீடிக்கும்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில மாதங்கள் கழித்து, இரண்டு முறை டயாலிசிஸைத் தவறவிட்ட ஒருவர் 7.6-உடன் வந்தார். அவருடைய ஈசிஜியில் சற்றே உயர்ந்த டி அலையைத் தவிர ஒன்றுமில்லை. பல வருடமாக உயர்ந்த பொட்டாசியத்தோடு வாழ்பவர்களிடம் இப்படி இருக்கலாம், வேகமாக ஏறுபவர்களிடம் குறைந்த அளவிலேயே க்யூஆர்எஸ் விரியலாம். ஈசிஜி மாற்றங்கள் பாடத்தின் வரிசையில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சீரான ஈசிஜியிலிருந்து நேராக இதயம் நின்றவர்களும் உண்டு. ஆகவே மோசமான ஈசிஜியைப் பார்த்தால் எண்ணுக்குக் காத்திருப்பதில்லை, மோசமான எண்ணைப் பார்த்தால் நல்ல ஈசிஜியை நம்பி விட்டுவிடுவதும் இல்லை. மாதிரியில் ரத்தச் சிவப்பணு சிதைந்து எண் பொய்யாக உயர்ந்திருக்கலாம் என்று தோன்றினால், நோயாளியை மானிட்டரில் வைத்தபடியே மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

மறுநாள் மதியம் பொட்டாசியம் 5.1. கடைசித் தாளை மகன் கொண்டுவந்த பழைய தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். க்யூஆர்எஸ் இரண்டேகால் கட்டம். படுக்கையில் அந்த அம்மா முழங்காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினார். அன்றிலிருந்து கால்சியம் ஏற்றினால் ஏற்றிய நேரத்தை ஈசிஜி தாளிலேயே எழுதி, அதன் கீழே நாற்பது நிமிடம் கூட்டிய நேரத்தையும் எழுதி வைக்கிறேன்.